முகம் தெரியவில்லை, மேம்

ஒவ்வொரு செமஸ்டரின் முதல் வாரத்திலும் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் மில்ட்ரெட் கட்டல்பாஸ் ஒரே பேச்சைத்தான் பேசுவாள். பிள்ளைகள் பிரிவு பிரிவாக வருவார்கள். கண்ணாடி போடு, கோட்டுக்குப் பொத்தான் போடு, திறந்த செருப்போடு உள்ளே வராதே, முடியைக் கட்டு, பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதே, தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள். கடைசிப் பிரிவு வந்து உட்காரும்போது, எதைச் சொன்னோம், எதை விட்டோம் என்று அவளுக்கே தெரியாது. பின்வரிசையில் ஒருவன் கைப்பேசியை மேசைக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனை அதட்டக்கூடத் தெம்பு இருக்காது. இப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது.

அதனால், டீன் ஆர்போலேதா அவளைக் கூப்பிட்டு, "மில், இனிமே அந்தப் பேச்சு வேணாம். ஒரு வீடியோ எடுத்துடு. எல்லாப் பிரிவுக்கும் அதையே போட்டுக் காட்டிடலாம்" என்று சொன்னபோது, அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். ஒரு தடவை சொன்னால் போதும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு உட்காரலாம்.

"எப்போ வேணும், டாக்டர்?" முனைவர் பட்டம் வாங்கிய டீனை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"லீவு முடியறதுக்குள்ள. அக்ரெடிடேஷனுக்கு, காலேஜைத் தரம் பாக்க ஆளுங்க வர்றாங்க இல்ல? அவங்க கிட்ட காட்டணும்."

லீவில் தூங்கலாம் என்று நினைத்திருந்தாள். கணவன் கப்பலில். மகள் மணிலாவில் வேலையில். வீட்டில் யாரும் இல்லாத அந்த இரண்டு வாரத்துக்காக அவள் மூன்று மாதமாகக் காத்திருந்தாள். "சரி டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

படம் எடுக்க ஊடகத் துறையிலிருந்து க்ளைட் வந்தான். சின்ன வயது வாத்தியார், சொந்தக் கேமரா, தலையில் எப்போதும் ஒரு தொப்பி. நடிக்க இரண்டு பேர். எல்லாவற்றையும் சரியாகச் செய்யும் பெண்ணாக லிசெல் பானெஸ். மருந்தியல் படிக்கப் போகிறேன் என்று இருந்த இரண்டாம் வருஷத்துப் பிள்ளை. அவள் கையெழுத்தும் ஒழுங்கு, மேசையும் ஒழுங்கு. எல்லாவற்றையும் தப்பாகச் செய்யும் பையனாக ரெனான் துபாஸ். வேதியியலில் இரண்டு தடவை கோட்டை விட்டு மூன்றாம் தடவை படித்துக்கொண்டிருந்தவன்.

"மேம், எனக்கு ஏன் இந்த வேஷம்?" என்று கேட்டான் ரெனான்.

"நீ இயல்பா செய்வே, தோதோ. அதான்" என்றாள் மில்ட்ரெட். பையன்களை அவள் செல்லமாகத் 'தோதோ' என்பாள், பெண்களை 'இந்தாய்' என்பாள்.

அவன் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வணங்கினான். லிசெல் சிரித்துவிட்டாள்.

முதல் நாள் முழுக்க ரெனானின் தப்புகள்தான். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக உள்ளே வந்தான். ஆய்வக மேசை மேல் ரொட்டியை வைத்துத் தின்றான். பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சினான். கையுறையோடு கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தான். அதே கையுறையோடு கதவுப் பிடியைத் திறந்தான். சோதனைக் குழாயின் வாயைப் பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சூடாக்கினான். புட்டியிலிருந்து கூடுதலாக எடுத்த ரசாயன மருந்தைத் திரும்பப் புட்டிக்குள்ளேயே கொட்டினான். எல்லாம் வண்ணம் கலந்த வெறும் தண்ணீர். அதில் மில்ட்ரெட் கறாராக இருந்தாள். தப்பு செய்கிற காட்சி எதிலும் உண்மையான மருந்து ஒரு சொட்டும் இருக்கக் கூடாது.

க்ளைடுக்கு அது பிடிக்கவில்லை. "மேம், கொஞ்சம் ட்ரை ஐஸ் போட்டுப் புகை வர வைக்கட்டுமா? பாக்க நல்லா இருக்கும். ஆபத்துன்னு தெரியும்."

"ஆபத்து புகைஞ்சுகிட்டா வரும்? தண்ணி மாதிரி இருக்கும், தம்பி. அதான் பிரச்சினையே. புகை வந்தா எல்லாரும் ஓடிடுவாங்க, நான் எதுக்குப் பாதுகாப்பு சொல்லித் தரணும்?"

கண் கழுவும் குழாயைத் திறந்தபோது இரண்டு முனைகளிலும் துருத் தண்ணீர் வந்தது. செங்கல் நிறம். க்ளைட் மூக்கைப் பிடித்துக்கொண்டான். மில்ட்ரெட் பெருமூச்சு விட்டு, தண்ணீர் தெளியும் வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். வாரத்துக்கு ஒரு தடவை திறந்து விட வேண்டியது. எத்தனை வாரமாக விடவில்லை என்று நினைக்கவே அவளுக்கு அலுப்பாக இருந்தது. தெளிந்ததும் ரெனான் கண்ணில் மருந்து பட்டவனாக நடித்தான். முதலில் தப்பாக. கண்ணைக் கசக்கினான், குதித்தான், வினிகர் புட்டியை எடுத்து முகத்தருகே கொண்டுபோனான்.

"காரத்துக்கு அமிலம், மேம்! சமன் ஆயிடும் இல்ல?"

"ஆகும். கண்ணும் வெந்து போகும். அதான் தப்பு. இப்ப சரியா செய்யி."

சரியானதைச் செய்ய அவனுக்குப் பல தடவை ஆனது. குழாய்ப் பிடியைத் தள்ள வேண்டும், இரண்டு விரலால் இமையைப் பிரித்துப் பிடிக்க வேண்டும், கண்ணை உருட்ட வேண்டும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டான். க்ளைட் மறுபடி மறுபடி எடுத்தான். கடைசியில் ரெனானின் சட்டை முழுக்க நனைந்து, கண் சிவந்து, "மேம், இனி எனக்குத் தூக்கத்துல கூட இது வரும்" என்றான்.

மறுநாள் லிசெலின் முறை. மழை. காற்றில்லாத மழை. ஆய்வகத்துக்குள் வேர்த்து ஊற்றியது. சத்தம் படத்தில் விழும் என்று க்ளைட் மின்விசிறியை நிறுத்தச் சொல்லியிருந்தான். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைக்கிற காட்சி. அதற்கு மட்டும் மில்ட்ரெட் உண்மையான மருந்துக்கு ஒப்புக்கொண்டிருந்தாள். கரையும்போது பீக்கர் சூடாவதை வெப்பமானியில் காட்ட வேண்டும். அது வண்ணத் தண்ணீரில் நடக்காது.

லிசெல் முடியைக் கட்டி, கோட்டுக்கு எல்லாப் பொத்தானும் போட்டு, கையுறையைக் கிழிசல் இருக்கிறதா என்று ஊதிப் பார்த்து மாட்டினாள். பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டாள். பழைய கண்ணாடி. காற்று போகும் துளையெல்லாம் அடைத்துப் போயிருந்தது. போட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளே ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது.

"கட்" என்றான் க்ளைட். "முகம் தெரியல, மேம்."

துடைத்தாள். மறுபடி போட்டாள். காஸ்டிக் சோடாவின் வெள்ளை வில்லைகளைக் கரண்டியால் எடுத்துத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்கினாள். மறுபடி ஆவி.

"கட். முகம் தெரியல."

அப்படியே நாலைந்து தடவை. ஒவ்வொரு தடவை அவன் நிறுத்தும்போதும் அவளும் கலக்குவதை நிறுத்தினாள். போட்ட வில்லைகள் கரையாமல் பீக்கரின் அடியில் போய் உட்கார்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதை அப்போது யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவள் மில்ட்ரெட். அவள் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, காலைக் காலணியிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்தாள். முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. இது முடிந்தால் போய் ஒரு கிண்ணம் பட்சாய் சூப் குடித்துவிட்டு வீட்டில் விழலாம் என்பது மட்டும்தான் அவள் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

"மேம், ஒரே ஒரு நிமிஷம் லிசெல் அந்தக் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கட்டுமா?" என்று கேட்டான் க்ளைட். "இந்த ஒரு ஷாட் மட்டும். முகம் தெரிஞ்சாப் போதும், அப்புறம் கண்ணாடியோட குளோசப் தனியா எடுத்துக்கலாம்."

லிசெல் மில்ட்ரெட்டைப் பார்த்தாள். பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அது.

"சரி, சரி. சீக்கிரம்" என்றாள் மில்ட்ரெட்.

லிசெல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள். கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். குச்சியால் கலக்கினாள். அடியில் கட்டி தட்டுப்பட்டது. கரைக்க வேண்டும் என்று குச்சியால் ஒரு குத்துக் குத்தினாள்.

கட்டி உடைந்தது. சூடான கரைசல் ஒரு கை உயரத்துக்குத் துள்ளியது.

அவள் கத்தவில்லை. "ஓ" என்று மட்டும் சொன்னாள், எதையோ மறந்தவள் மாதிரி. வலது கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கையுறை போட்ட கை கண்ணை நோக்கிப் போனது.

"தொடாதே!" என்று கத்தியது ரெனான்.

மில்ட்ரெட் எழுந்துவிட்டாள். எழுந்தவள் நின்றுவிட்டாள். இருபது வருஷமாகச் சொன்னதெல்லாம் வாய்க்குள் இருந்தது, காலுக்கு வரவில்லை. க்ளைட் மேசையிலிருந்த வினிகர் புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அது தப்பு! சார், அது என் சீன், அது தப்பு!" என்று ரெனான் அவன் கையைத் தட்டிவிட்டான். புட்டி தரையில் விழுந்து உடைந்தது. அவன் லிசெலின் தோளைப் பிடித்து, உடைசல் மேல் நடந்து, அவளைக் கண் கழுவும் குழாய்க்கு இழுத்துப் போனான். பிடியைத் தள்ளினான். தண்ணீர் தெளிவாக எழும்பியது. அவள் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் குனிய வைத்தான். "கண்ணத் தொற, லிசெல். தொறக்கணும். உருட்டு. மேலே பாரு, கீழே பாரு."

"முடியல, ரெனான், எரியுது, முடியல."

அப்போதுதான் மில்ட்ரெட்டுக்கு உடம்பு திரும்பி வந்தது. ஓடிப்போய் லிசெலின் கையுறைகளைக் கழற்றி எறிந்தாள். இரண்டு விரலால் அந்த இமைகளைப் பிரித்துப் பிடித்தாள். இமை வழுக்கியது. விடவில்லை.

"மேம், கண்ணுக்குள்ள லென்ஸ் போட்டிருக்கேன்" என்றாள் லிசெல் தண்ணீருக்கு நடுவில். "வீடியோவுக்காக... என் பவர் கண்ணாடி மேல இது மாட்ட முடியல..."

"பரவாயில்ல இந்தாய், தண்ணிய நிறுத்தாதே, அது தானா வரும்." கொஞ்ச நேரத்தில் மெல்லிய லென்ஸ் தண்ணீரோடு நழுவி வந்து தொட்டியில் போய்ச் சேர்ந்தது.

க்ளைட் ஆம்புலன்ஸ் வண்டிக்குப் போன் செய்தான். ரெனான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். லிசெல் அழுதாள், தலையைத் தூக்கப் பார்த்தாள், போதும் என்றாள், எரிச்சல் குறைந்துவிட்டது என்றாள். "குறைஞ்சாலும் விடக் கூடாது. காரம் உள்ளே போய்க்கிட்டே இருக்கும்" என்றாள் மில்ட்ரெட். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. வண்டி வரும் வரை மூன்று பேரும் நனைந்தபடி அந்தக் குழாயைச் சுற்றி நின்றார்கள். கேமராவின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

மருத்துவமனையிலும் மறுபடி தண்ணீர்தான். மருந்துநீர்ப் பையைத் தொங்கவிட்டுக் கண்ணில் ஓடவிட்டுக்கொண்டே இருந்தார்கள். இடையிடையே நிறுத்தி, டாக்டர் ஒரு சின்னக் காகிதத் துண்டைக் கீழ் இமைக்குள் தொட்டு எடுத்து நிறம் பார்த்தார். ஆய்வகத்தில் மில்ட்ரெட் தினமும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே காகிதம். இன்னும் நீலம் தட்டியது, காரம் போகவில்லை. மறுபடி பை. மறுபடி காகிதம். நிறம் இயல்புக்கு வந்தபோது மில்ட்ரெட் வெளியே வந்து நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஈரச் சட்டை உடம்பில் ஒட்டியிருந்தது. அழுகை வரவில்லை. அசதி மட்டும் இருந்தது, எலும்பு வரைக்கும்.

"கருவிழி மேல்பக்கம் வெந்திருக்கு" என்றார் டாக்டர். "ஆழமாப் போகல. உடனே கழுவினீங்க, அதான். ஆறிடும். கொஞ்சம் மங்கல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இப்ப சொல்ல முடியாது."

லிசெலின் அம்மா தெரெசித்தா தையல்காரி. கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கியபடியே ஓடி வந்தாள்.

இரண்டு நாள் கழித்து டீன் தன் அறைக்குத் தெரெசித்தாவையும் மில்ட்ரெட்டையும் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கல்லூரிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு, அவ்வளவுதான். தெரெசித்தாவுக்கு நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, மருத்துவச் செலவு முழுக்கக் கல்லூரியே ஏற்கும் என்று முதலில் சொன்னார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"நாங்க கண்ணாடி கொடுத்திருந்தோம், அம்மா. எல்லாப் பாதுகாப்பும் இருந்துச்சு. பிள்ளை படத்துக்காகக் கண்ணாடியக் கழட்டிடுச்சு. சின்ன வயசு இல்ல, முகம் தெரியணும்னு ஆசை..."

தெரெசித்தா தலை குனிந்தாள். மகள் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறவள் மாதிரி இருந்தாள். அதைத்தான் மில்ட்ரெட்டால் பார்க்க முடியவில்லை.

"அவளாக் கழட்டல" என்றாள். "என்னைக் கேட்டாங்க. நான் சரின்னு சொன்னேன்."

"மில்..." என்றார் டீன்.

"நான்தான் சொன்னேன், டாக்டர். அவ என் மூஞ்சியப் பாத்தா. நான் வேணாம்னு சொல்லியிருந்தா கழட்டியிருக்க மாட்டா. எனக்கு அசதியா இருந்துச்சு. சீக்கிரம் முடியணும்னு இருந்துச்சு."

காபியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. தெரெசித்தா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் நன்றி எதுவும் இல்லை.

"அசதியா?" என்றாள். "எனக்கும்தான் அசதி. ராத்திரி பகலா மெஷின் மிதிக்கிறேன். ஒரு தடவை கூட அவ கைய ஊசிக்கடியில வெச்சதில்ல."

தெரெசித்தா எழுந்தாள். மில்ட்ரெட் கதவைத் திறந்துவிட்டாள்.

தெரெசித்தா போன பிறகு டீன் கதவைச் சாத்தினார். "நீ பேசாம இருந்திருக்கலாம். யாரும் உன்னைக் கேக்கல."

"தெரியும், டாக்டர்."

"இப்ப நான் எழுத்துல நடவடிக்கை எடுத்தே ஆகணும். இந்த வருஷம் உன் பதவி உயர்வு போச்சு. தெரியுமில்ல?"

"தெரியும்" என்றாள். "ஒண்ணு கேக்கறேன். நடவடிக்கை எடுங்க. ஆனா அந்தக் கண்ணாடிங்களத் தூக்கி எறிஞ்சுட்டு, ஆவி படியாத கண்ணாடி வாங்குங்க. மூணு வருஷமாக் கேக்கறேன்."

டீன் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, "வாங்கலாம்" என்றார்.

கேமராவில் பதிந்ததை க்ளைட் அவளிடம் போட்டுக் காட்டினான். அவனும் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. தொப்பி இல்லாமல் வந்திருந்தான். எல்லாம் இருந்தது. சுவரோரம் காலணி கழற்றி உட்கார்ந்திருக்கும் அவள். "சரி, சரி. சீக்கிரம்." துள்ளல். ரெனானின் கத்தல். சிலையாக நிற்கும் அவள். அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று தோன்றியது: இதைவிட நல்ல பாதுகாப்புப் படம் இருக்க முடியாது. வண்ணத் தண்ணீரில் நூறு தப்பு காட்டினாலும் பிள்ளைகள் சிரிப்பார்கள். இதைப் பார்த்தால் ஒருவனும் சிரிக்க மாட்டான். பார்க்கட்டும், என்னையும் பார்க்கட்டும்.

ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு லிசெலின் வீட்டுக்குப் போனாள். க்ளைடும் மடிக்கணினியோடு கூட வந்தான். தெரெசித்தா கதவைத் திறந்துவிட்டு மெஷினுக்குத் திரும்பிப் போனாள். லிசெல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கண் மேல் துளையுள்ள மூடி.

மில்ட்ரெட் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "உன் முகத்த மறைச்சுடுவோம், இந்தாய். என் முகம் இருக்கட்டும். என் குரல் இருக்கட்டும். எல்லாரும் என்னைத் திட்டட்டும். மத்த பிள்ளைங்க தெரிஞ்சுக்கணும்."

பக்கத்து அறையில் மெஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

"மறைச்சா மட்டும் யாருன்னு தெரியாதா, மேம்? காலேஜ் பூரா தெரியும். ஒவ்வொரு வருஷமும் புதுசு புதுசா வர்றவங்க எல்லாம் நான் அழறதக் கேப்பாங்க."

"அதில்ல..."

"போட்டா உங்களுக்கு மனசு லேசாகும். எனக்குப் புரியுது." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "எனக்கு என்ன ஆகும், மேம்?"

மில்ட்ரெட் ஆரஞ்சுப் பையை மடியில் வைத்தபடி இருந்தாள். இந்தப் பிள்ளை சொன்னது சரி. தன் பாரத்தை இறக்கி வைக்க இடம் தேடி, இறக்கக் கூடாத தோளில் மறுபடி இறக்கப் பார்த்திருக்கிறோம் என்று அவளுக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோதே தெரிந்தது.

"வேணாம்னா வேணாம், இந்தாய். அழிச்சுடலாம்."

"ஒரு தடவை பாக்கட்டுமா?"

க்ளைட் தயங்கினான். மில்ட்ரெட் தலையசைத்தாள். லிசெல் ஒற்றைக் கண்ணால் திரையைப் பார்த்தாள். துள்ளல் வந்த இடத்தில் போர்வையை இறுகப் பிடித்தாள். அப்புறம் ரெனான், "சார், அது என் சீன், அது தப்பு!" என்று கத்தினான். அவள் உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று மில்ட்ரெட் கையை நீட்டினாள்.

"பாவம் க்ளைட் சார்" என்றாள் லிசெல். சிரிப்புத்தான். சிரித்ததில் கண் வலித்து, மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "அந்த மூஞ்சியப் பாருங்க."

க்ளைடும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "என்னை மன்னிச்சுடு" என்றான்.

"அழிச்சுடுங்க, சார்."

அழித்தான். அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். வெளியே வந்தபோது தெரெசித்தா மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "பழத்துக்குத் தேங்க்ஸ்" என்றாள்.

படத்தை முதலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. சரியாகச் செய்கிற பெண் இல்லை. லீவில் வேறு யாரும் வரத் தயாரில்லை. நடந்தது ஊரெல்லாம் தெரிந்திருந்தது. கடைசியில் ரெனான்தான், "நானே ரெண்டும் செய்யறேன், மேம். தப்பும் நானே, சரியும் நானே. சட்டைய மட்டும் மாத்திக்கறேன்" என்றான்.

"ஜனங்க குழம்ப மாட்டாங்களா?" என்றான் க்ளைட்.

"எல்லாரும் ரெண்டும்தானே, சார்" என்றான் ரெனான்.

புதுக் கண்ணாடிகள் வந்திருந்தன. அவையும் அந்த மழையில் கொஞ்சம் ஆவி பிடிக்கத்தான் செய்தன. ஆவி பிடித்த ஒவ்வொரு தடவையும் மில்ட்ரெட் கையைத் தூக்கினாள். ரெனான் வில்லைகள் எல்லாம் கரையும் வரை கலக்கி முடித்து, பீக்கரை விட்டு விலகி, கையுறையைக் கழற்றி, கை கழுவி, ஆய்வகத்துக்கு வெளியே போய், அங்கேதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். திரும்பி வந்து எல்லாவற்றையும் மாட்டினான். மின்விசிறி ஓடியது, சத்தம் விழுந்தால் விழட்டும் என்றாள் அவள். ஒரு பீக்கர் காஸ்டிக் சோடா கரைவதை எடுக்க மதியம் முழுக்கப் போனது. க்ளைட் ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. ரெனான் போய்ப்போய்த் துடைத்துவிட்டு வருகிற அலுப்பை அவன் வெட்டாமல் படத்திலேயே விட்டுவிட்டான். டீன் பார்த்துவிட்டு, "இது நீளமா இருக்கே, போரடிக்காதா?" என்றார்.

"அடிக்கும்" என்றாள் மில்ட்ரெட். "வேலையும் அப்படித்தான், டாக்டர்."

அக்ரெடிடேஷன்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ரெனானைப் பிடித்துப்போனது. வளாகத்தில் எங்கே அவன் ரொட்டி தின்றாலும், "டேய், மேசை மேல வெக்காதே!" என்று கத்தினார்கள். வேதியியலில் அவன் அந்தத் தடவையும் தேறவில்லை. சமன்பாடு போடுகிற இடத்தில் வழக்கம்போலக் கோட்டை விட்டான்.

லிசெலின் கண்ணில் ஓரத்தில் ஒரு சின்ன மங்கல் தங்கிவிட்டது. படிக்கத் தொந்தரவில்லை, வெயிலில் மட்டும் கூசும் என்றாள். அம்மா வேண்டாம் என்று சொல்லியும் அடுத்த செமஸ்டரில் வேதியியலுக்கே பதிவு செய்தாள். ஆனால் முதல் வகுப்பன்று ஆய்வகக் கதவு வரை வந்து நின்றுவிட்டாள். உள்ளே மற்றவர்கள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். மில்ட்ரெட் பார்த்தாள், வா என்று கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. லிசெல் திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்த வாரமும் கதவு வரைதான் வந்தாள். அதற்கு அடுத்த வாரம்தான் உள்ளே வந்தாள். கதவுக்குப் பக்கத்து மேசை, கண் கழுவும் குழாயிலிருந்து இரண்டடி. கண்ணாடியை மாட்டி, பட்டையை இழுத்து, இன்னும் இழுத்துச் சரி பார்த்தாள். அன்றைய வேலை வெறும் உப்புக் கரைசல்தான். மற்ற மேசைகளைச் சுற்றி வர வேண்டிய மில்ட்ரெட் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் வலித்தது. காலணியைக் கழற்றவில்லை.

"மேம், நீங்க போய் மத்தவங்களைப் பாருங்க" என்றாள் லிசெல் பீக்கரைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் செஞ்சுக்கறேன்."

"செய்யி" என்றாள் மில்ட்ரெட். கொஞ்ச நேரம் இருந்தாள். அப்புறம் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுத்த மேசைக்குப் போனாள். அங்கே ஒருவன் கையுறையோடு மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தான்.